பழைய மெஷின் வாங்கப் போய் சார்ஜ் ரிஜிஸ்டர் படிக்கக் கற்றுக்கொண்டது

கோவையில் சின்னதாக ஒரு ஜாப் வொர்க் பட்டறை நடத்துகிறேன். 2016-ல், தொழிலை நிறுத்திக்கொண்ட ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடம் இரண்டு சி.என்.சி. டர்னிங் மெஷின்கள் வாங்கினேன். இரண்டும் சேர்த்து ஒன்பது லட்சம். பில் போட்டுத்தான் வாங்கினேன், பணமும் வங்கி வழியாகத்தான் போனது. ஐந்தாவது மாதம் ஒரு வங்கியின் அதிகாரி இரண்டு பேரோடு பட்டறைக்கு வந்து, மெஷின்களின் சீரியல் நம்பர் தகட்டைப் படமெடுத்துக்கொண்டு, “இது எங்க வங்கிக்கு ஹைபாதிகேட் ஆன, அதாவது கடனுக்கு ஈடா எழுதிக் கொடுத்த சொத்துங்க, வித்தது செல்லாது” என்றார்.

எனக்குத் தெரியாது என்று வாதாடினேன். வக்கீல் அண்ணன்தான் உட்காரவைத்து விளக்கினார். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 80-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு சொத்தின் மீதான சார்ஜ், அதாவது கடனுக்காகக் கொடுத்த பிணை, கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகியிருந்தால், அந்தச் சொத்தை வாங்குகிறவருக்குப் பதிவான நாளிலிருந்தே அது தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் பார்த்தேனா இல்லையா என்ற கேள்வியே எழாது. கடைசியில் வங்கிக்கு ஐந்தரை லட்சம் கட்டி மெஷின்களை வைத்துக்கொண்டேன். விற்றவரிடமிருந்து அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சார்ஜ் பதிவேட்டில் தேடிப் பார்க்காமல் எந்தக் கம்பெனியிடமும் மெஷின் வாங்கியதில்லை. இங்கே சொல்லப்போவது 2023-ல் வாங்கிய வி.எம்.சி. என்ற ஒரு மில்லிங் மெஷின் பற்றி. அந்த ஒரு மெஷினிலேயே, பதிவேட்டைப் படிப்பதில் வரக்கூடிய சிக்கல்கள் முக்கால்வாசி வந்துவிட்டன.

முதலில் எப்போது தேட வேண்டும், எப்போது வேண்டாம் என்பது. ஒரு கம்பெனியிடம் போல்ட்டோ கம்பியோ வாங்குகிறவர் இதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை. கம்பெனி தன் சரக்கை வங்கிக்கு ஈடு வைத்திருந்தாலும், அன்றாட வியாபாரத்தில் விற்க வங்கி அனுமதித்துத்தான் வைத்திருக்கும். சரக்கு வரும், போகும். அந்தப் பிணை அப்போதைக்கு இருக்கும் சரக்கின் மேல் மிதந்துகொண்டே இருக்கும். மெஷின் அப்படியல்ல. அது விற்பதற்கான சரக்கு கிடையாது, தொழில் செய்கிற கருவி. வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்றால், பிணையும் மெஷினோடு சேர்ந்தே நம் பட்டறைக்கு வந்துவிடும்.

அந்த வி.எம்.சி. 2017 மாடல். ஸ்பிண்டில் நன்றாக இருந்தது, கன்ட்ரோலரும் நான் பழகியதுதான். ஜி.எஸ்.டி. தனி, பதினான்கு லட்சம் கேட்டார்கள். மூன்று லட்சம் அட்வான்ஸ் போட்டால் வேறு யாருக்கும் காட்டமாட்டோம் என்றார் டைரக்டர். “லோன் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டேன். “இந்த மெஷினுக்கு லோன் வாங்குனது உண்மைதானுங்க. அதெல்லாம் 2021-லயே கட்டி முடிச்சாச்சுங்க” என்று ஒரு நிதி நிறுவனத்தின் லோன் முடிவுக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அசல் கடிதம், முத்திரையோடு இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் போதாது என்பது அன்று இரவு தெரிந்தது.

அவர் கொடுத்த கொட்டேஷனின் தலைப்பில் கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என். இருந்தது, 21 எழுத்தும் எண்ணுமாக. லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடாமல் இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர் மாறியிருக்கலாம். ஒரே குடும்பத்துக்கு ஒரே மாதிரிப் பெயரில் மூன்று கம்பெனி இருக்கலாம். mca.gov.in தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி உள்ளே போனால், Index of Charges என்ற சேவை இருக்கும். சி.ஐ.என். கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். இதற்குக் காசு கிடையாது.

எனக்கு வந்த பட்டியலில் மூன்று வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் கடன் கொடுத்தவர் பெயர், சார்ஜ் உருவான தேதி, மாற்றப்பட்ட தேதி, தீர்ந்த தேதி, தொகை.

முதல் வரி 2009. ஒரு வங்கி, பதினைந்து லட்சம், தீர்ந்த தேதி காலி. இரண்டாவது வரி 2014. வேறொரு வங்கி, ஒரு கோடி, 2018-ல் மாற்றப்பட்டது, தீர்ந்த தேதி காலி. மூன்றாவது வரி 2017. டைரக்டர் சொன்ன நிதி நிறுவனம், இருபத்தெட்டு லட்சம், தீர்ந்த தேதி 2021.

முதன்முறை பார்ப்பவர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். ஒன்று, கம்பெனிக்கு ஒரு கோடியே பதினைந்து லட்சம் கடன் பாக்கி என்று நினைத்துப் பயந்து விலகிவிடுவார். அந்தத் தொகை, பிணை எவ்வளவு கடனுக்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறதே தவிர, இன்றைக்கு எவ்வளவு பாக்கி என்பதைச் சொல்வதில்லை. ஒரு கோடி லிமிட்டில் அன்று நாற்பது லட்சம்தான் எடுத்திருக்கலாம். முழுவதும் எடுத்து வட்டியும் ஏறியிருக்கலாம். பாக்கி தெரிய வேண்டுமென்றால் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும், அதுவும் போன மார்ச் மாதத்து நிலையைத்தான் காட்டும்.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. மூன்றாவது வரியில் நம் மெஷினின் கடன் தீர்ந்துவிட்டது, மற்ற இரண்டும் வேறு எதற்கோ வாங்கியவை என்று நினைத்து அட்வான்ஸ் போட்டுவிடுவது. நானும் ஒரு பத்து நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டியல் என்பது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. எந்தச் சொத்து எந்தக் கடனுக்கு என்பது உள்ளே இருக்கும் ஆவணத்தில்தான் தெரியும். அதே தளத்தில் View Public Documents என்ற சேவையில் கம்பெனி ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டினால், அந்தக் கம்பெனி தாக்கல் செய்தவை எல்லாம் திறக்கும். அதில் சார்ஜ் ஆவணங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. CHG-1 என்ற படிவத்தைத் தேடுங்கள். கடன் பத்திரம் வெளியிட்டு வாங்கிய டிபெஞ்சர் கடனென்றால் CHG-9. படிவத்தில் சொத்தின் சுருக்கமான விவரம் இருக்கும். அதோடு இணைத்திருக்கும் ஹைபாதிகேஷன் பத்திரத்தில் முழு வாசகமும், பெரும்பாலும் மெஷின் பட்டியலும் இருக்கும். பார்ப்பதற்குக் கால வரம்பு உண்டு, அதனால் வேண்டியதை அப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

2017 பத்திரத்தில் நான் எதிர்பார்த்ததே இருந்தது. ஒரே ஒரு மெஷின், மேக், மாடல், சீரியல் நம்பர். தகட்டில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. CHG-4 என்ற தீர்வுப் படிவமும் 2021-ல் தாக்கலாகியிருந்தது. அதாவது அந்த நிதி நிறுவனம் முழுமையாக வெளியேறிவிட்டது.

பிறகு 2018-ல் வங்கி மாற்றியெழுதிய பத்திரத்தைத் திறந்தேன். சொத்து விவரத்தில் சரக்கு, வரவேண்டிய பாக்கிகள், அதன் பிறகு ‘இப்போது இருக்கும், இனி வரப்போகும் எல்லா அசையும் பிளான்ட், மெஷினரிகளும்’ என்ற பொருளில் ஒரு வரி. அதை அடுத்து ஒரு விலக்கு: வேறு கடன் கொடுத்தவர்களுக்குத் தனிப்பட்ட பிணையாக இருக்கும் மெஷின்கள் நீங்கலாக. இந்த இரண்டு வரிகளையும் நான் நாலைந்து முறை படித்தேன். 2018-ல் அந்த வி.எம்.சி. நிதி நிறுவனத்தின் தனிப்பிணையில் இருந்தது, ஆகவே விலக்குக்குள் வந்தது. 2021-ல் அந்தக் கடன் தீர்ந்ததும் விலக்குக்கான காரணம் போய்விட்டது. ‘எல்லா மெஷினரிகளும்’ என்ற வலைக்குள் அது தானாக விழுந்துவிட்டது. அதற்குப் புதிதாக எந்தப் படிவமும் தாக்கலாகாது, பட்டியலில் புதிய தேதியும் வராது. டைரக்டர் காட்டிய அந்த முடிவுக் கடிதம், மெஷினைச் சுதந்திரமாக்குவதற்குப் பதிலாக அடுத்த வங்கியிடம் கைமாற்றிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் எங்கள் ஆடிட்டரிடம் இரண்டு பத்திரங்களையும் காட்டினேன். “சரியாத்தான் படிச்சிருக்கீங்க. பேங்க் என்.ஓ.சி. இல்லாம ஒரு ரூபாகூடப் போடாதீங்க” என்றார்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னபோது முதலில் கோபப்பட்டார். அவருக்கே அது தெரியாது, மெஷின் லோன் முடிந்ததும் மெஷின் தன்னுடையது என்று மனதார நம்பியிருந்தார். பத்திரத்தில் அந்த வரியைக் காட்டியதும் அமைதியானார். இப்படி ஓர் இடத்தில் விற்பவரைத் திருடனைப் போல நடத்தாதீர்கள். பல பேருக்குத் தாங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது உண்மையிலேயே தெரியாது.

அடுத்து 2009 வரி. 2014-ல் இரண்டாவது வங்கி உள்ளே வந்ததே அந்தப் பழைய கடனை எடுத்துக்கொண்டுதான். புதிய வங்கியின் 2014 அனுமதிக் கடிதத்தில், முந்தைய வங்கியின் கடனை அடைப்பதற்கு என்று தொகையோடு எழுதியிருந்தது. கடன் அடைந்துவிட்டது, ஆனால் தீர்வுப் படிவத்தை யாரும் தாக்கல் செய்யவில்லை. பதிவேட்டில் இப்படிப் பிணமாகக் கிடக்கும் வரிகள் நிறைய இருக்கின்றன. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் கம்பெனி தெரிவிக்க வேண்டும் என்றாலும், பழைய காலத்தில் பலர் இதைச் செய்யாமலே விட்டார்கள். திறந்திருக்கும் வரியெல்லாம் உயிருள்ள கடன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நேரத்தில் ‘அது பழசுங்க’ என்ற வாய்வார்த்தையை நம்பியும் விட்டுவிடாதீர்கள். அந்த 2009 பத்திரத்தின் இணைப்பைத் திறந்து பார்த்தேன். எழுதியிருந்தது நான்கு மெஷின்கள், எல்லாம் 2009-க்கு முந்தையவை. ‘இனி வரப்போகும்’ என்ற சொல் அதில் இல்லை. நம் வி.எம்.சி. அதன் கீழ் வரவே முடியாது. என்னைப் பொறுத்தவரை அந்த வரியின் கதை அத்தோடு முடிந்தது.

கம்பெனிக்கு மட்டும் அது தலைவலியாகவே நின்றது. அந்தப் பழைய வங்கி பிறகு இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பதிவேட்டில் இன்னும் பழைய பெயர். CHG-4 படிவத்தில் கடன் கொடுத்தவரின் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். இணைந்த வங்கியின் கிளையில் 2009 கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. கடனை அடைப்பவர்கள் கடைசித் தவணை கட்டுகிற அன்றே இந்தக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டால் இந்த அலைச்சல் இருக்காது.

பட்டியலில் வராதவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலிப் பட்டியலைப் பார்த்து நிம்மதியடைந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். சார்ஜ் உருவானதும் 30 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 30 நாள், அதற்கும் மேல் அதிகக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். 2018 நவம்பர் 2-க்குப் பிறகு உருவான சார்ஜ்களுக்கு இதுதான் கணக்கு, மொத்தம் 120 நாள். ஆகவே இன்று நான் பார்க்கும் பட்டியல், நான்கு மாதத்துக்கு முன் கையெழுத்தான ஒரு கடனைக் காட்டாமல் இருக்கலாம். பதிவாகாத சார்ஜை, கம்பெனியைக் கலைத்துப் பைசல் செய்யும் லிக்விடேட்டரும் மற்ற கடன்காரர்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று 77-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வாங்குகிறவரைப் பெயர் சொல்லிக் காப்பாற்றவில்லை. அந்தப் பிரிவை நம்பி நான் பணம் போடமாட்டேன்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க இரண்டு வேலை செய்தேன். ஒன்று, செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் தேடியது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் பிணைகளைப் பதியும் இடம் அது, 2011-ல் தொடங்கியது. முதலில் வீடு, நில அடமானங்களுக்குத்தான். 2016-லிருந்து மெஷினரி, சரக்கு, வரவேண்டிய பாக்கி போன்றவற்றின் ஹைபாதிகேஷனும் அதில் சேர்ந்தது. சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கடன் வாங்கியவர் பெயரில் தேடலாம். விற்பவர் பிரைவேட் லிமிடெட்டாக இல்லாமல் தனி உரிமையாளராகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்தால், கம்பெனிப் பதிவேட்டில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். அங்கே செர்சாய் ஒன்றுதான் துணை. நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஆண்டுக் கணக்கின் குறிப்புகளைப் படித்தது. அந்த 100 ரூபாய்க்குள்ளேயே அதுவும் கிடைக்கும். கடன்களுக்கு என்ன ஈடு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருப்பார்கள். 2021 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்குகளில், சார்ஜையோ தீர்வையோ உரிய காலத்துக்குள் பதியாமல் விட்டிருந்தால் அதையும் காரணத்தோடு குறிப்பிட வேண்டும். நம் கம்பெனியின் கணக்கில் 2009 கடனின் தீர்வு பதியப்படவில்லை என்ற குறிப்பு இருந்தது. நான் பத்திரங்களிலிருந்து புரிந்துகொண்டதை அது உறுதி செய்தது. குத்தகைக்கு எடுத்த மெஷின் இருந்தாலும் இந்தக் குறிப்புகளில்தான் தடம் கிடைக்கும். குத்தகை மெஷின் கம்பெனியின் சொத்தே இல்லை, அதனால் சார்ஜ் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. அப்படிப்பட்ட மெஷினை விற்கிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க, அவர்கள் அந்த மெஷினை வாங்கிய அசல் பில்லைக் கேளுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வங்கிக்கு டைரக்டரும் நானும் சேர்ந்தே போனோம். மேனேஜர் முதலில் தயங்கினார், பிறகு ஒரு நிபந்தனையில் ஒத்துக்கொண்டார். விலை முழுவதும் கம்பெனியின் நடப்புக் கணக்குக்குப் போகாமல் நேராகக் கடன் கணக்கில் வரவாக வேண்டும். எனக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? நான் கேட்டது கடிதத்தின் வாசகத்தைத்தான். ‘விற்பனைக்கு ஆட்சேபணை இல்லை’ என்று மட்டும் எழுதித் தந்த முதல் வரைவை ஏற்கவில்லை. விற்பனைக்கு ஆட்சேபணை இல்லை என்பதும் பிணையிலிருந்து விடுவிக்கிறோம் என்பதும் ஒன்றல்ல. மேக், மாடல், சீரியல் நம்பர், விலை, எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும், தொகை வரவானதும் இந்த மெஷின் மீதான பிணை நீங்கும் என்ற வாக்கியம் — இத்தனையும் உள்ள கடிதம் வந்தது. அதற்குப் பதினேழு நாள் ஆனது. அந்த இடைவெளியில் இன்னொருவர் பதினான்கரைக்குக் கேட்டார் என்று டைரக்டர் சொன்னார். மனசு அடித்துக்கொண்டது, ஆனாலும் அட்வான்ஸ் போடவில்லை. அந்த இன்னொருவரிடமும் வங்கிக் கடிதம் வேண்டும் என்று இவரே சொல்லியிருக்கிறார். அவர் காத்திருக்க மனமில்லாமல் போய்விட்டார்.

பதிமூன்று லட்சத்துக்கு முடித்தோம். பணம் அனுப்பிய அன்று காலை பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன், புது வரி எதுவும் இல்லை. தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தை அச்சிட்டு, வங்கிக் கடிதம், பில், ஆர்.டி.ஜி.எஸ். ரசீதோடு ஒரே கோப்பில் வைத்தேன். மெஷின் லாரியில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

கம்பெனி பிறகு அந்த மெஷினை நீக்கி 2014 சார்ஜை மாற்றிப் பதிந்தது. ஆறு வாரம் கழித்துப் பட்டியலில் மாற்றப்பட்ட தேதி புதிதாக ஏறியிருந்தது. உள்ளே CHG-1 இணைப்பைத் திறந்து, விடுவித்த சொத்தின் இடத்தில் என் வி.எம்.சி.யின் சீரியல் நம்பரைப் பார்த்த பிறகுதான், பட்டறையில் அதற்கு நிரந்தரமாக ஃபவுண்டேஷன் போட்டேன். அந்த 2009 வரி போன மாதம் பார்த்தபோதும் தீர்ந்த தேதி இல்லாமல் திறந்தேதான் கிடந்தது.